சகின்பைக்கு எழுதிய முன்மொழிவு

நாரின் என்ற மலையூரில் எந்த வீட்டு விருந்தாக இருந்தாலும், கறி பரிமாறி முடிந்ததும் எல்லாத் தலைகளும் பூருல்சா இருக்கும் பக்கமாகத் திரும்பும். அவள் எழுந்து நின்று வாழ்த்துச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த வீடு, மருமகள் வந்த வீடு, பட்டாளத்திலிருந்து பையன் திரும்பிய வீடு, எதுவானாலும் சரி. வீட்டுக்காரியின் கைப்பக்குவத்தில் ஆரம்பித்து, வீட்டுக்காரனின் பாட்டனாரைத் தொட்டு, தொழுவத்து ஆடுவரைக்கும் ஒருவரையும் விடாமல் புகழ்ந்து, கடைசியில் ‘உங்கள் பாதை வெளுப்பாக இருக்கட்டும்’ என்று ஊர் வழக்கப்படி ஆசி சொல்லி அவள் முடிக்கும்போது இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள். அவள் கணவன் மெலிஸ் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பான்.

இப்படிப்பட்டவளுக்கு எழுத்தில் பங்கம் வந்தது.

பூருல்சாவுக்கு நாற்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. ஐந்தாம் வகுப்பில் ‘இது மேசை, இது நாற்காலி’ என்று அவள் கையில் கிடைத்த பத்தொன்பது பிள்ளைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போகிறார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு ஆங்கிலத்திலேயே சண்டை போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். செப்டம்பரில் அவர்கள் பத்தாம் வகுப்பின் சிறப்பு ஆங்கிலப் பிரிவுக்குப் போகிறார்கள். அந்தப் பிரிவை எடுக்கிற ஆசிரியரிடம் மேல்நிலைத் தேர்ச்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நூற்றெண்பது எடுத்தால் அந்தச் சான்றிதழ். பூருல்சா டிசம்பரில் எழுதியபோது வந்தது நூற்று எழுபத்தாறு. படிப்பது, கேட்பது, பேசுவது எல்லாவற்றிலும் நன்றாகத்தான் இருந்தாள். எழுதும் தாள் நூற்று அறுபதில் நின்று சராசரியைக் கீழே இழுத்துவிட்டது. நூற்றெண்பதுக்குக் கீழே போனதால் ஒரு படி குறைந்த சான்றிதழ் தபாலில் வந்தது. அவள் அதை அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தாள்.

ஜூன் முதல் வாரத்தில் மறுபடி தேர்வு. அதற்குள் எழுத்தைச் சரிசெய்யாவிட்டால் பத்தொன்பது பேரும் வேறு ஆள் கைக்குப் போய்விடுவார்கள்.

அதனால்தான் அவள் வாரம் இரண்டு நாள் மாலையில், தபால் நிலையத்துக்கு மேலே இருக்கும் மொழிப் பயிற்சி மையத்தின் படிகளை ஏறினாள். அங்கே சொல்லித்தருகிறவள் ஐஜிரெக். வயது இருபத்தாறு. பூருல்சாவிடம் படித்தவள்தான். இப்போது சிவப்புப் பேனா அவள் கையில். ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை. அக்காளையும் ஆசிரியையையும் ஒரே சொல்லில் கூப்பிடும் ஊர் அது. அவளுக்குப் பூருல்சா இன்றைக்கும் ‘எஜே’தான்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் ஐஜிரெக் திருத்திய தாளை மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்திலேயே தெரிந்தது.

“எஜே, இது முன்மொழிவு. ஊர் மன்றத்துக்கு. பூங்காவை எப்படி மேம்படுத்தலாம்னு நீங்க சொல்லணும், அவங்கள ஒத்துக்க வைக்கணும்.”

“சொல்லியிருக்கேனே.”

“எங்க?”

பூருல்சா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள். முதல் பத்தி ஊர் மன்றத்தின் அயராத உழைப்பைப் பாராட்டியது. இரண்டாம் பத்தி அந்த உழைப்பால் மலர்ந்த மரங்களைப் பாராட்டியது.

“இதோ, மூணாவது பத்தி.”

“அது பரிந்துரை இல்ல எஜே, ஆணை! ‘விளக்குகள் பொருத்தப்பட வேண்டியது அவசியம். இருக்கைகள் அமைக்கப்பட வேண்டியது அவசியம். குறைபாடுகள் களையப்பட வேண்டியது அவசியம்.’ அஞ்சு அவசியம். ஏன் அவசியம்னு ஒரு வரி கிடையாது. படிக்கிறவருக்கு மாவட்ட அலுவலகத்துலேருந்து ஓலை வந்த மாதிரி இருக்கும்.”

“நாங்க படிச்ச காலத்துல எல்லாமே அப்படித்தான் எழுதுவோம்.”

“அப்புறம் இது.” ஐஜிரெக் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “‘மன்ற உறுப்பினர்களின் பாதை வெளுப்பாக இருக்கட்டும், அவர்கள் வீடுகளில் குழந்தைகள் நிறையட்டும்.’ எண்ணிப் பார்த்தேன். ஆசி மட்டும் நாப்பத்திரெண்டு வார்த்தை. மொத்தம் இருநூத்தறுபதுக்குள்ள எழுதணும். நீங்க முந்நூத்திப் பதினொண்ணு.”

“ஒண்ணு கேட்டு எழுதிட்டு வாழ்த்தாம எப்படி முடிக்கிறது? மரியாதை இல்லையே.”

“சரி, முன்மொழிவு வேண்டாம். மதிப்புரை எழுதுங்க. போன வாரம் ஒரு உணவகத்தப் பத்தி எழுதச் சொன்னேனே?”

அந்தத் தாளும் திருத்தப்பட்டிருந்தது. ஐஜிரெக் ஒரு வரியின் கீழ் மூன்று கோடு போட்டிருந்தாள். சூப் ஆறிப்போயிருந்தது என்றும், ஆனால் சமையற்காரரின் இதயம் சூடாக இருந்தது என்றும் பூருல்சா எழுதியிருந்தாள்.

“ஒருத்தர் வச்ச சாப்பாட்டக் குறை சொல்ல எனக்கு வராது” என்றாள் பூருல்சா. “பசியில செத்தாலும் வராது.”

“அப்போ அந்தக் கடைக்குப் போகலாமா வேண்டாமான்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போகட்டுமே, பாவம். சமைக்கிறவரும் பிழைக்கணும்ல?”

ஐஜிரெக் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பூருல்சாவும் சிரித்தாள். படி இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. புகழ்ந்தால் ஆசியாகிறது, கேட்டால் ஆணையாகிறது. நடுவே ஏதோ ஒரு குரல் இருக்கிறது, அது தன் தொண்டையில் இல்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரமே பனி உருகிய தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அதே தெருவில் இருக்கும் அனார்குல் மருத்துவமனையில் தாதி. இரவும் பகலும் முறை மாற்றி வேலை பார்க்கிறவள். அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், வீட்டின் கிழக்குப் பக்கத்து மண்சுவர் அடியில் ஊறி, மத்தியானம் படுத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. கட்டிலும் அலமாரியும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன.

சுவர் விழுந்தால் அஷார் கூட்ட வேண்டியதுதான். தெருவே சேர்ந்து ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுக்கும், வீட்டுக்காரி சாப்பாடு போடுவாள், கூலி என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஆளைக் கூப்பிட ஒருவர் வீடு வீடாகப் போக வேண்டும். நான்கைந்து வருடமாக அந்த ஒருவர் பூருல்சாதான். யாரும் நியமித்ததில்லை. அவள் கூப்பிட்டால் வருகிறார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கிளம்பும்போது ஐஜிரெக் வாசலில் நின்றாள், கையில் இன்னொரு திருத்திய தாளோடு.

“இன்னைக்கு வகுப்புக்கு வரலியே எஜே?”

“அனார்குலுக்கு ஆள் சேர்க்கணும். வா, நடந்துக்கிட்டே திட்டு.”

முதல் வீட்டில் வாலிபர்கள் நான்கு பேர். அவர்களிடம் பூருல்சா, அடுத்த தெருக்காரர்கள் போன அஷாரில் ஒரே பகலில் எத்தனை செங்கல் வார்த்தார்கள் என்று மட்டும் சொன்னாள். அதைவிட நூறு அதிகம் வார்ப்பதாக அவர்களே சொன்னார்கள். இரண்டாம் வீட்டில் ஒரு பாட்டி தனக்கு முதுகுவலி என்றாள். பூருல்சா, தூக்கவோ சுமக்கவோ யாரும் கேட்கவில்லை, போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரிக்க உட்கார்ந்த இடத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றாள். பாட்டி மாவு சலிக்க எழுந்தாள். தாளை நீட்டிக்கொண்டே வந்த ஐஜிரெக் மூன்றாம் வீட்டில் அதை மடித்தாள். நான்காம் வீட்டில் பேனாவை எடுத்து, மடித்த தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தாள்.

கடைசி வீடு சகின்பையுடையது. ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், தெருவுக்கே ‘பைகே’, அதாவது அண்ணன். மண் கொண்டுவர டிராக்டர் வைத்திருப்பவர் தெருவில் அவர் ஒருவர்தான். அவருக்கும் அனார்குலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கதவைத் திறந்தபோதே சொல்லிவிட்டார்.

“வந்த விஷயம் தெரியும். முடியாது.”

“உக்காரச் சொல்லுங்க பைகே, நின்னுக்கிட்டே ‘முடியாது’ கேட்டா கால் வலிக்குது.”

முற்றத்துப் பலகையில் உட்கார்ந்தார்கள். பாலூற்றிய தேநீர் வந்தது.

“கிழக்குச் சுவர் முழுசா போச்சு” என்றாள் பூருல்சா. “மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு, பாத்துட்டேன். ஆனா தண்ணி இன்னும் பத்து நாளைக்கு வரும். சுவரில்லேன்னா அந்தத் தண்ணி அனார்குல் முற்றத்துல நிக்காது பைகே, சரிவு எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும்.”

சகின்பை தன் உருளைக்கிழங்குப் பாத்திகளைப் பார்த்தார். சரிவு அந்தப் பக்கம்தான்.

“அவ நாய் என் வான்கோழியக் கடிச்சிது.”

“கடிச்சிது. நான் இல்லேங்கல. நல்ல வான்கோழி அது.”

“ரெண்டு வருஷம் வளத்தேன்!”

“அதுக்குத்தான் சொல்றேன். இப்போ அந்த நாய்க்கும் உங்க மிச்ச வான்கோழிக்கும் நடுவுல என்ன இருக்கு? காத்து. சுவர் எழும்பினா நாய் உள்ள. நாளைக்குக் காலையில ரெண்டே ரெண்டு நடை மண். நீங்க இறங்கக்கூட வேண்டாம், பசங்க ஏத்தி இறக்கிடுவாங்க. பத்து மணிக்கு நீங்க வீட்ல இருப்பீங்க. ஞாயித்துக்கிழமை பதினெட்டுப் பேர் வர்றாங்க, சாயங்காலத்துக்குள்ள சுவர் நிக்கும்.”

“சுவரு எவ்வளவு உயரம்?”

“நீங்க சொல்ற உயரம்.”

சகின்பை தேநீரைக் குடித்து முடித்தார். “அவகிட்டப் பேச மாட்டேன்.”

“டிராக்டர் சத்தத்துல பேசினாலும் கேக்காது பைகே.”

வெளியே வந்ததும் ஐஜிரெக் தெருநடுவில் நின்றுவிட்டாள். தாளின் பின்பக்கத்தை நீட்டினாள். அதில் நான்கு தலைப்புகள். தற்போதைய நிலை: ஒரு சுவர் போயிற்று, மூன்று நிற்கின்றன. கேட்பவரின் அக்கறை: தண்ணீர் உங்கள் பாத்திக்கு வரும். பரிந்துரை: நாளை காலை, இரண்டு நடை, பத்து மணிக்குள். மறுப்பு: வான்கோழி, ஒத்துக்கொண்டு, அதையே காரணமாக்கியது.

“நாலு மாசமா நான் உங்ககிட்டக் கேட்டது இதத்தான் எஜே!”

“இது பேச்சுடி. அது எழுத்து.”

“அவரப் பார்த்து ‘உங்க பாதை வெளுப்பா இருக்கட்டும்’னு சொன்னீங்களா?”

“சொன்னா ஆசிய வாங்கிக்கிட்டுக் கதவச் சாத்தியிருப்பார்.”

“‘டிராக்டர் கொண்டுவரப்பட வேண்டியது அவசியம்’னு சொன்னீங்களா?”

பூருல்சா தாளை வாங்கி, எட்டாக மடித்து, கைப்பையின் உள்ஜேபியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சுவர் நின்றது. சகின்பை சொன்ன உயரம், அதற்குமேல் இரண்டு வரிசை.

ஜூன் மாதம் தேர்வுக்கு முந்தின நாள் மெலிஸின் வண்டியிலேயே தலைநகருக்குப் போனாள். அவன் அந்தத் தடத்தில்தான் வாடகை வேன் ஓட்டுகிறான். முன்சீட்டில் மனைவியை உட்காரவைத்து, பின்னால் இருந்த பதினைந்து பயணிகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

“எங்க வீட்டம்மா நாளைக்கு எழுதப்போறா. இருநூத்திருவதுலேருந்து இருநூத்தறுவது வார்த்தைக்குள்ள. வீட்ல ஒருநாளும் அவ அந்தக் கணக்குல நின்னதில்ல.”

“அப்படிச் சுருக்கிப் பேசுற தேர்வு உங்களுக்கு வச்சா நீங்க முட்டை வாங்குவீங்க” என்றாள் பூருல்சா. வண்டியே சிரித்தது. கணவாய் ஏறும்வரை பின்சீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கோரிக்கையைச் சொல்லி, அவளை முன்மொழிய வைத்தார்கள். சன்னலைத் திறக்கலாமா, பாட்டை மாற்றலாமா, டீக்கடையில் நிறுத்தலாமா. டீக்கடை முன்மொழிவு ஒருமனதாக நிறைவேறியது. மெலிஸ் நிறுத்தினான்.

மறுநாள் எழுத்துத் தாள் ஒன்றரை மணி நேரம். முதல் பகுதிக் கட்டுரை கட்டாயம். கொடுத்த மூன்று குறிப்பில் இரண்டை எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் முடித்தாள். இரண்டாம் பகுதியில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நண்பருக்கு மின்னஞ்சல். ஒரு உணவகத்தைப் பற்றி மதிப்புரை, குறைகளையும் சொல்லி, பிறருக்குப் பரிந்துரைக்கலாமா என்றும் எழுத வேண்டும். மூன்றாவது, முன்மொழிவு: கல்லூரியில் ஒரு கட்டடம் காலியாக இருக்கிறது, அதை மாணவர்களுக்காக எப்படிப் பயன்படுத்தலாம் என்று முதல்வர் கேட்கிறார்.

மின்னஞ்சல் சுலபம். பேனா அதன் பக்கமாகத்தான் போனது. பாதுகாப்பான வழி. ஆனால் ‘முதல்வர்’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அங்கே ஒரு ஆள் தெரிந்தார். முற்றத்துப் பலகையில் உட்கார்ந்து, கையில் தேநீரோடு, ‘முடியாது’ என்று முகத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

நோக்கத்தை ஒரே வரியில் சொன்னாள். புகழவில்லை. தலைப்புப் போட்டாள். கட்டடத்தின் கூரை நன்றாக இருக்கிறது, பூட்டித்தான் இருக்கிறது, மாணவர்கள் மழையில் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று எழுதினாள். அடுத்த தலைப்பு. கீழே படிக்கும் அறை, மேலே சமையலறையோடு கூடும் அறை. மேசைகளைப் பழைய நூலகத்திலிருந்தே கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி. பிறகு முதல்வர் வாயைத் திறந்து மறுக்கும் முன்பே மறுப்பைத் தானே எழுதினாள். கூட்டம் கூடினால் சத்தம் வரும் என்று நீங்கள் தயங்கலாம், அது நியாயம்தான். ஆனால் இப்போது அந்தச் சத்தம் முழுவதும் உங்கள் அறைச் சன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது.

அதை எழுதியபோது தனக்குத்தானே சிரித்துவிட்டாள். கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.

கடைசிப் பத்தி. பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கை தானாக ‘உங்கள் பாதை’ என்று தொடங்கிவிட்டது. இருபத்தைந்து வருடத்து விருந்துகளின் பழக்கம். பூருல்சா அந்த இரண்டு சொல்லையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேராக ஒரு கோடு கிழித்து அடித்தாள். கோடு கிழித்து அடித்தால் மதிப்பெண் குறையாது என்று ஐஜிரெக் சொல்லியிருந்தாள். இந்த இரண்டு மாற்றங்களைச் செய்தால் வரும் குளிர்காலத்தில் படிக்கட்டில் ஒரு மாணவர்கூட உட்கார்ந்திருக்க மாட்டார் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். எண்ணிப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்து நான்கு.

வெளியே மெலிஸ் வேனில் சாய்ந்து நின்றான். முலாம்பழத் துண்டு ஒன்றை நீட்டினான்.

“ஆசி சொன்னியா?”

“அடிச்சிட்டேன்.”

“அட, அப்போ பாஸ்தான்.”

ஜூலையில், சுவரின் பூச்சு காய்ந்த பிறகு, அனார்குல் தெருவுக்கே விருந்து வைத்தாள். ஆட்டுக் கறி பரிமாறிக்கொண்டிருந்தபோது ஐஜிரெக் கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அன்றைக்கு முடிவு வரும் என்று தெரிந்தும் பூருல்சா காலையிலிருந்து தன் கைபேசியை மாவுப் பெட்டிக்குள் போட்டு மூடிவைத்திருந்தாள். அதனால் அவளிடமிருந்து தேர்வு எண்ணை வாங்கி வைத்திருந்த ஐஜிரெக்தான் பார்த்தாள்.

“நூத்தெண்பத்திநாலு எஜே! எழுத்து மட்டும் நூத்தெண்பத்தாறு!”

பூருல்சா ‘பத்தொன்பது பேர்’ என்று மட்டும் சொன்னாள். அனார்குல் அவளைக் கட்டிக்கொண்டாள். மெலிஸ் எதற்கோ வேனின் ஹாரனை அடித்துவிட்டு வந்தான்.

“வாழ்த்து!” என்று மேசை கூவியது. “பூருல்சா எழுந்திரு!”

அவள் எழுந்தாள். கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். தொண்டையைச் செருமினாள்.

“நோக்கம்” என்றாள். “இந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தையைத் தொடங்குவது. தற்போதைய நிலை. சுவர் நன்றாக நிற்கிறது. நாய் உள்ளே இருக்கிறது. சகின்பை பைகே மேசையின் அந்தக் கடைசியிலும் அனார்குல் இந்தக் கடைசியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். உப்பு வேண்டுமானால் மூன்று பேரைத் தாண்டிக் கேட்கிறார்கள்.”

மேசை சிரிக்க ஆரம்பித்தது.

“பரிந்துரைகள். ஒன்று, அனார்குல் ஒரு வான்கோழிக் குஞ்சு கொடுக்கலாம். சந்தையில் வாங்கி, கூடையில் வைத்து, அந்தக் கதவுக்குப் பின்னாடி வச்சிருக்கா, எனக்குத் தெரியும். இரண்டு, பைகே அதை வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டால் அவருக்கு முட்டை, எங்களுக்கு நிம்மதி. வளர்க்க இடமில்லை என்று அவர் சொல்லலாம். அவர் தொழுவத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.”

சகின்பை காதுமடல் சிவக்க உட்கார்ந்திருந்தார். அனார்குல் கூடையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். குஞ்சு கத்தியது.

“பொட்டையா?” என்றார் அவர், நேராக அவளைப் பார்த்து. இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.

“பொட்டைதான் பைகே.”

பூருல்சா உட்காரப் போனாள். சகின்பை குஞ்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் மேசையைத் தட்டினார்.

“எங்க உக்கார்ற? ஆசி எங்க? அதில்லாம எழுந்து போற வழக்கம் இந்தத் தெருவுல உண்டா?”

பூருல்சா ஐஜிரெக்கைப் பார்த்தாள். ஐஜிரெக் உள்ளங்கைகளை விரித்து, தலையை ஆட்டி அனுமதி கொடுத்தாள். தெருவே கைகளை ஏந்தியது. அவள் சுவரிலிருந்து ஆரம்பித்தாள், டிராக்டர், போர்சோக் பொரித்த பாட்டி, நூறு செங்கல் அதிகம் வார்த்த பையன்கள், வான்கோழிக் குஞ்சு என்று ஒருவரையும் விடாமல் தொட்டாள். நாற்பத்திரண்டு வார்த்தை முடிந்து வெகுநேரம் ஆகியும் அவள் மேசையின் முதல் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. மெலிஸ் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.